எழுவாய் இல்லாத கேள்வி

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நூறு பக்க நோட்டு. அதில் தொடர்ந்து பதினேழு நாட்கள் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறேன்: "எங்கள் காதல் கைகூடுமா?" கேள்விக்குக் கீழே அன்றைக்கு நான் எடுத்த டாரட் சீட்டின் பெயர். அதற்கும் கீழே நானே சொல்லிக்கொண்ட பலன். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன் வந்த நாளில் "பொறுமையாக இருக்க வேண்டும், நடக்கும்" என்று எழுதியிருக்கிறேன். நாயும் ஓநாயும் நிலவைப் பார்த்து ஊளையிடும் சீட்டு வந்த நாளில் "இப்போது தெளிவில்லை, ஆனால் நடக்கும்." மேகத்துக்குள் ஏழு கோப்பைகள் மிதக்கும் சீட்டுக்கு "அவனுக்குக் குழப்பம், தெளிந்ததும் நடக்கும்." பதினேழு நாட்களில் பதினேழு சீட்டுகள். பதில் மட்டும் ஒன்றே ஒன்று.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சென்னையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருந்தேன். இரண்டு வருடங்களாக ஒருவனைக் காதலித்துக்கொண்டிருந்தேன். "வீட்டுச் சூழ்நிலை சரியில்ல, கொஞ்சம் பொறு, நானே பேசுறேன்" என்று அவன் சொல்வான். நானும் பொறுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் எனக்குக் கோவைக்குப் பதவி உயர்வோடு இடமாற்றம் தருவதாகச் சொன்னார்கள். போய்விட்டால் அவன் கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயத்தில் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். அந்த மாதத்தில்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

விடுதியில் பக்கத்து அறையில் ஒரு அக்கா இருந்தார். வங்கியில் வேலை. திருமணம் முடிந்து, அது முறிந்து, தனியாக இருந்தவர். அவரிடம்தான் டாரட் சீட்டுக்கட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பெண்கள் அவர் கட்டிலைச் சுற்றி உட்காருவோம். நான் தினமும் அவருடைய கட்டைக் கடன் வாங்கிப் போவதைப் பார்த்தவர், ஒருநாள் நோட்டைக் காட்டச் சொன்னார். புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"கைகூடுறதுன்னா என்னடி?"

கல்யாணம் என்றேன். "யார் பண்றாங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "இந்த வாக்கியத்துல எழுவாய் எங்க இருக்கு? காதல்தான் எழுவாய். காதல் தானா கைகூடுமா? நீ என்ன பண்ணப் போற, அவன் என்ன பண்ணப் போறான், ஒண்ணுமே இதுல இல்லையே."

பள்ளிக்கூடத்து இலக்கணப் பாடம் காதல் விவகாரத்துக்குள் வந்ததில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது சிரிப்பு போய்விட்டது. எங்கள் வீட்டில் பெண்களின் திருமணத்தைப் பற்றிப் பேசும் வினைச்சொற்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. வரன் அமையும். கல்யாணம் ஆகும். நல்லது நடக்கும். வேளை வரும். செய்கிற ஆள் யாரும் இந்தச் சொற்களில் இல்லை. மழை பெய்வதைப் போல அதுபாட்டுக்கு நடக்கும். நாம் வாசலில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். நானும் அப்படியே கேட்டிருக்கிறேன். செய்பவர் இல்லாத கேள்விக்கு எந்தச் சீட்டை எடுத்தாலும் செய்பவர் இல்லாத பதில்தான் கிடைக்கும்.

மறுநாள் அக்கா ஒரு சோதனை வைத்தார். கேள்வி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, சீட்டைக் குலுக்குவதற்கு முன்னால் செய்கிற சோதனை. கட்டில் இருந்து மிக நல்ல சீட்டு ஒன்றையும் மிக மோசமான சீட்டு ஒன்றையும் முகம் தெரியும்படி எடுத்து வைக்கச் சொன்னார். நான் பத்துக் கோப்பைகளை எடுத்தேன். வானவில்லாகக் கோப்பைகள் வளைந்திருக்க, ஆணும் பெண்ணும் கைகளை உயர்த்தி நிற்பார்கள், பக்கத்தில் பிள்ளைகள் ஆடுவார்கள். இன்னொன்று மூன்று வாள்கள். மழை பெய்துகொண்டிருக்க, ஓர் இதயத்தில் மூன்று வாள்கள் குத்தி நிற்கும்.

"இப்போ உன் கேள்விய ரெண்டுகிட்டயும் கேளு" என்றார்.

கைகூடுமா? பத்துக் கோப்பைகள் வந்திருந்தால் "கைகூடும்" என்று எழுதியிருப்பேன். மூன்று வாள்கள் வந்திருந்தால்? யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது: "கொஞ்சம் கஷ்டப்பட்டு, அப்புறம் கைகூடும்." அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நேரெதிரான இரண்டு சீட்டுகளுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடிகிறது என்றால், அந்தக் கேள்விக்காகச் சீட்டு எடுப்பதே வீண். எடுப்பதற்கு முன்னாலேயே பதிலை நான் எழுதி முடித்துவிட்டேன்.

எனக்கு என் பாட்டி வீட்டில் பூக்கட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில். சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அத்தைக்கு வந்த வரனுக்கு அப்படிப் பார்த்தபோது பொட்டலத்தை எடுத்த குழந்தை நான்தான். கேள்வியைக் கேட்டவர் தாத்தா. அத்தை அடுப்படியில் இருந்தாள். அவளுடைய கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால் செய்வது, வெள்ளை வந்தால் விடுவது என்று எடுப்பதற்கு முன்னாலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுவார்கள். எடுத்த பிறகு நிறத்துக்குப் புது அர்த்தம் சொல்ல முடியாது. என் நோட்டில் அந்த நேர்மைகூட இல்லை.

அப்படியானால் டாரட்டிலும் ஆம், இல்லை என்றே கேட்டுவிடலாமே என்று அக்காவிடம் கேட்டேன். அதற்கு இந்தக் கட்டு பொருந்தாது என்றார். ஏன் என்பதற்கு அவர் சொன்னது, இந்தச் சீட்டுகளை வரைந்த பெண்ணின் கதை.

பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் 1909இல் லண்டனில் இந்த எழுபத்தெட்டுச் சீட்டுகளையும் வரைந்தார். வரையச் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வெளியிட்டது ரைடர் என்ற பதிப்பகம். அதற்கு முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் இருபத்திரண்டு பெரிய சீட்டுகளிலும் ராஜா, ராணி போன்ற பதினாறு சீட்டுகளிலும்தான் மனிதர்கள் இருப்பார்கள். மீதி நாற்பதில் நாம் விளையாடும் சீட்டைப் போல ஐந்து கோப்பை, எட்டு வாள் என்று எண்ணிக்கைதான் இருக்கும். பமீலா அந்தச் சின்னச் சீட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வரைந்தார். ஒருவர் எதையோ தூக்கிப் போகிறார், ஒருவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொள்கிறார், ஒருவர் கவிழ்ந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு பெரிய வேலைக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு என்று அவரே நண்பர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். நீண்ட காலம் அந்தக் கட்டுக்கு ரைடர்-வெயிட் என்றே பெயர். பதிப்பகத்தின் பெயர் இருந்தது, சொன்னவரின் பெயர் இருந்தது, வரைந்தவளின் பெயர் இல்லை. 1951இல் கடனோடு இறந்துபோனார்.

"அவ வரைஞ்சது பூரா ஆளுங்க எதையாவது செஞ்சுட்டு இருக்கற படம்" என்றார் அக்கா. "அதனால இந்தக் கட்டுகிட்ட, நான் என்ன செஞ்சுட்டு இருக்கேன், எதைப் பிடிச்சு வச்சிருக்கேன், எங்க நிக்கறேன்னு கேட்டா படத்துல பாக்கறதுக்கு ஏதாவது இருக்கும். ஆமாவா இல்லையான்னு கேட்டா, படத்த நீ உன் இஷ்டத்துக்கு வளைப்ப."

அன்று மாலை கேள்வியைத் திருத்த உட்கார்ந்தோம். சீட்டுக்கட்டு மேசை மேல் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்பது ஏற்பாடு.

முதலில் நான் எழுதியது: "அவன் எப்போது வீட்டில் பேசுவான்?" எழுவாய் வந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. அக்கா "எப்போது" என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். பேசுவான் என்பதை நான் ஏற்கெனவே உண்மையாக எடுத்துக்கொண்டு, தேதியை மட்டும் கேட்கிறேன். பேசவே மாட்டான் என்ற பதில் இந்தக் கேள்விக்குள் நுழைய வழியே இல்லை.

அடுத்து எழுதியது: "அவன் ஏன் பேசாமல் இருக்கிறான்?" இதில் முன்முடிவு இல்லை. ஆனால் இது அவன் மனதுக்குள் இருப்பதைப் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஆள் ஊரிலேயே இருக்கிறான், போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. "அவனக் கேக்க வேண்டியத அட்டையக் கேட்டா, அட்ட சொல்றதெல்லாம் உன் கற்பனைதான்" என்றார். இதையும் அடித்தோம். காதல் கேள்விகளில் பாதி இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன என்று பிறகு நான் பார்த்திருக்கிறேன். அவன் என்னை நினைக்கிறானா, அவன் மனதில் வேறு யாராவது இருக்கிறார்களா, அவன் திரும்பி வருவானா. எல்லாவற்றிலும் அவன்தான் எழுவாய். கேட்கிறவள் செயப்படுபொருள்.

மூன்றாவதாக எழுதியது: "வீட்டுச் சூழ்நிலை இப்படி இருக்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்?" இப்போது "நான்" வந்துவிட்டேன். அக்கா "சூழ்நிலை" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "சூழ்நிலைன்னா?" எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு வருடங்களாக அவனும் நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்திவந்தோம். அதற்குப் பின்னால் இருந்தது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். எழுதினேன்: "நான் இன்ன சாதி என்று அவன் தன் அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை." எழுதி முடித்த பிறகு அந்த வரியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சீட்டே எடுக்காமல் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

"செய்ய வேண்டும்" என்பதையும் அவர் விடவில்லை. செய்ய வேண்டுமா என்று கேட்டால் முடிவெடுக்கும் வேலையைச் சீட்டிடம் கொடுத்துவிடுகிறோம். தாத்தாவிடம் கொடுத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முடிவை நான் எடுப்பதற்கு எது தெரிய வேண்டும் என்று கேட்கச் சொன்னார். கடைசியாகக் காலக்கெடு. பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போவான், அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

கடைசியில் வந்த கேள்வி இது: "பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என் சாதியைச் சொல்லி, என்னைப் பற்றி வீட்டில் பேசு என்று அவனிடம் நேராகக் கேட்பதிலிருந்து என்னைத் தடுப்பது எது?" ஒரே சீட்டில் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது என்பதால் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று நோட்டில் எழுதிவைத்தோம். ஒன்று, கேட்டால் எதை இழப்பேன் என்று பயப்படுகிறேன்? இரண்டு, கேட்காமல் இருப்பதால் இப்போது எப்படி இருக்கிறேன்? மூன்று, கேட்பதற்கு முன்னால் என் கையில் என்ன இருக்க வேண்டும்? பழைய சோதனையை முதல் இடத்தில் வைத்துப் பார்த்தோம். பத்துக் கோப்பைகள் வந்தால், மனதில் கட்டிவைத்த குடும்பக் கனவை இழப்பேன் என்ற பயம். மூன்று வாள்கள் வந்தால், இழப்பு இருக்கட்டும், கேட்கும் அந்த நிமிடத்தில் வலிக்கும் என்ற பயம். இரண்டும் வேறு வேறு பதில்கள். கேள்வி தேறிவிட்டது. எந்தச் சீட்டு வந்தாலும் மறுபடி எடுப்பதில்லை என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பிறகுதான் குலுக்கினேன்.

முதல் இடத்தில் நான்கு நாணயங்கள் வந்தது. கிரீடம் வைத்த ஒருவர் ஒரு நாணயத்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. பணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று எடுக்கக் கை நீண்டது. அக்கா நோட்டில் இருந்த கையெழுத்தைக் காட்டினார். "புரியலன்னா புரியலன்னு எழுது" என்றார். அப்படியே எழுதினேன்.

இரண்டாவது இடத்தில் எட்டு வாள்கள். கண்ணும் உடம்பும் கட்டப்பட்ட ஒரு பெண் ஈர நிலத்தில் நிற்கிறாள், சுற்றிலும் வாள்கள் நடப்பட்டிருக்கின்றன. இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் படத்தை உற்றுப் பார்த்தால் அவள் கால்கள் கட்டப்படவில்லை, அவளுக்கு முன்னால் வாளும் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது எட்டு நாணயங்கள். ஒருவர் பலகையில் உட்கார்ந்து நாணயத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். செய்து முடித்தவை பக்கத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. கேட்பதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியது வேலை. என் மேசை இழுப்பறையில் பதில் எழுதாமல் கிடந்த இடமாற்றக் கடிதத்தை நான் எழுந்துபோய் எடுத்துவந்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

முதல் சீட்டு இரண்டு நாள் கழித்து, பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது புரிந்தது. அவனை இழப்பது பற்றி நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. போட்டுவிட்ட இரண்டு வருடங்களை இழப்பது பற்றித்தான் பயந்தேன். அதைத்தான் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். உடனே வேறு சீட்டை எடுத்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

இதில் மாயம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நான்கு நாணயங்களுக்குப் பதில் வேறு ஏதாவது வந்திருந்தால் வேறு வழியாக யோசித்திருப்பேன். சீட்டு என் எதிர்காலத்தைப் பார்த்தது என்று நான் அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. குலுக்கி எடுக்கிற படம், நாமாகப் பார்க்க விரும்பாத பக்கம் ஒன்றைப் பார்க்க வைக்கும். கேள்வி கெட்டியாக இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

இடமாற்றத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் அவனிடம் கேட்டேன். நோட்டில் இருந்த அதே வாக்கியம், பேச்சுமொழியில். "பொங்கலுக்குப் போறப்போ நான் யாரு, என்ன சாதின்னு உங்க அம்மாகிட்ட சொல்லுவியா?" அவன் "சூழ்நிலை" என்று ஆரம்பித்தான். "அந்த வார்த்த வேணாம். சொல்லுவியா, சொல்ல மாட்டியா?" என்றேன். ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்ல முடியாது" என்றான். அன்று இரவு அழுதேன். அதற்குப் பிறகும் நிறைய நாட்கள் அழுதேன். ஆனால் "கைகூடுமா" என்று எழுதவில்லை.

இப்போது என்னிடமும் ஒரு கட்டு இருக்கிறது. கோவையில் தங்கியிருந்த விடுதியிலும், பிறகு வீட்டுக்கு வரும் தங்கைகளிடமும், முதலில் பேனாவைத்தான் கொடுக்கிறேன். சில கேள்விகளைத் திருத்துவதும் இல்லை. ஒரு பெண் "அவர் மாறுவாரா?" என்று எழுதினாள். மாறுவது என்றால் என்ன என்று கேட்டேன். அடிப்பதை நிறுத்துவது என்றாள். கட்டை உறைக்குள் போட்டு மூடிவிட்டேன். அது சீட்டு எடுக்கிற விஷயமே இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லி, அன்றைக்கு எங்கே தூங்குவாள் என்பதைத்தான் பேசினோம்.

போன மாதம் கல்லூரி கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண் வந்தாள். "எங்களுக்குள்ள எல்லாம் சரியாகுமாக்கா?" என்று ஆரம்பித்தாள். எல்லாம் என்றால் எது, சரி என்றால் எப்படி, எத்தனை நாளுக்குள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். முக்கால் மணி நேரம் எழுதினாள், அடித்தாள். கடைசியில் தாளில் இருந்த வரி: "அவன் என் போனைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று இந்த வாரத்துக்குள் நான் சொல்வதற்கு எனக்கு என்ன வேண்டும்?" அதை இரண்டு முறை வாசித்தாள். நான் கட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இருங்கக்கா, மொதல்ல ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள்.